ஆண்டு விழா மேடைப் பின்திரை: மேடைப் படத்தில் பொருத்திப் பார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி ஆண்டு விழாக்களுக்குப் பின்திரை வடிவமைத்துத் தருவது என் தொழில். டிசம்பர் தொடங்கினால் ஆசிரியர்களிடமிருந்தும், புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் வடிவமைப்பாளர்களிடமிருந்தும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. பதில்களில் வரும் அளவுகள் எல்லாம் நான் வேலை செய்த ஒரே அரங்கத்தைச் சேர்ந்தவை. பின்திரை 24 அடி அகலம், 12 அடி உயரம். மேடை தரையிலிருந்து 4 அடி உயரம், 20 அடி ஆழம். முதல் வரிசை மேடையிலிருந்து 12 அடி தள்ளியும் கடைசி வரிசை 60 அடி தள்ளியும் இருந்தன. உங்கள் அரங்கத்தின் அளவுகளை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

வடிவமைப்பு கணினித் திரையில் நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியே அச்சுக்கு அனுப்பினால் போதாதா? மேடைப் படத்தில் வேறு ஒட்டிப் பார்க்க வேண்டுமா?

இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படியே அனுப்பினேன். ஆலமரம் ஒன்றை நடுவில் வைத்து, அதன் வேர்களுக்கு இடையே "வேர்களும் விழுதுகளும்" என்று விழாவின் கருப்பொருளை எழுதியிருந்தேன். தாளில் பார்த்த எல்லோரும் பாராட்டினார்கள். விழா அன்று சிறப்பு விருந்தினர்களுக்கு ஏழு நாற்காலிகள் போட்டார்கள். அவர்கள் உட்கார்ந்ததும் அந்த எழுத்துகள் முழுவதும் மறைந்துவிட்டன. அவர்கள் இறங்கியபின் நடனக் குழுக்கள் ஏறின. விழா முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போகும்வரை அந்த வரியை ஒருவர்கூடப் படித்திருக்க முடியாது.

கணினியில் நாம் பார்ப்பது செவ்வகத்தை நேருக்கு நேராக. பெற்றோர் பார்ப்பதோ கீழேயிருந்து, தூரத்திலிருந்து, ஆட்களின் தலைகளுக்கு மேலாக. இந்த வித்தியாசத்தை அச்சடிக்கும் முன்பே பார்த்துவிடத்தான் மாதிரிப்படம் செய்கிறோம். அழகாகக் காட்டி ஒப்புதல் வாங்குவதற்கு என்று நினைத்துச் செய்தால், எதைப் பார்க்க வேண்டுமோ அது கண்ணில் படாமலே போய்விடும்.

மேடையைப் படம் எடுக்கும்போது எங்கே நின்று எடுக்க வேண்டும்? என் கைப்பேசியில் எடுத்தால் போதுமா?

கைப்பேசி போதும். நிற்காதீர்கள், நாற்காலியில் உட்காருங்கள். உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றரை அடி உயரத்தில் இருக்கும். கைப்பேசியையும் அந்த உயரத்தில் பிடியுங்கள். நின்றுகொண்டு எடுத்தால் கண் இரண்டு அடி மேலே போய்விடும். பெற்றோர் யாரும் பார்க்காத ஒரு மேடைதான் உங்கள் படத்தில் இருக்கும்.

குறைந்தது இரண்டு படங்கள் வேண்டும். ஒன்று முதல் வரிசையின் நடுவிலிருந்து, மற்றொன்று கடைசி வரிசையின் நடுவிலிருந்து. முடிந்தால் முதல் வரிசையின் ஓரத்திலிருந்து மூன்றாவதாக ஒன்று எடுங்கள். பக்கத் திரை எவ்வளவு மறைக்கிறது என்பது அதில்தான் தெரியும். கடைசி வரிசைப் படத்துக்கு 2x வைத்து எடுப்பது நல்லது. சாதாரண நிலையில் கைப்பேசி லென்ஸ் அகலமாகப் பார்ப்பதால் மேடை நடுவில் சிறியதாகச் சுருங்கிவிடும். 0.5x வேண்டவே வேண்டாம். ஓரங்களில் நேர்கோடுகள் இழுபட்டு வளைந்துவிட்டால், நான்கு மூலையையும் சரியாக வைத்தாலும் பின்திரை சுவரோடு ஒட்டாது.

விழா நேரத்தில் எந்த விளக்குகள் எரியுமோ அவற்றைப் போடச் சொல்லுங்கள். மதிய வெயில் ஜன்னல் வழியாக விழும்போது எடுத்த படத்தில் மாலை நிகழ்ச்சியின் நிறம் தெரியாது.

அளவு எடுப்பதற்கு நாடா மட்டும் போதுமா, படத்திலும் ஏதாவது அடையாளம் வைக்க வேண்டுமா?

இரண்டும் வேண்டும். நாடாவில் அளந்த 24 அடி படத்தில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சுவர் தானாகச் சொல்லாது. பின்திரை வரப்போகும் இடத்தின் நான்கு மூலைகளிலும் காகித ஒட்டுநாடாவால் பெருக்கல் குறி போட்டுவிடுங்கள். கீழ்க்குறிகள் இரண்டை மட்டும் மூலைக்கு நேர் மேலே ஓர் அடி உயரத்தில் போடுங்கள்; உட்கார்ந்தவரின் கண்ணைவிட மேடை உயரம் என்பதால் பின்திரையின் அடி ஓரம் மேடை விளிம்புக்குப் பின்னால் மறைந்துவிடும். மேல் மூலைகளுக்கு ஏணி வேண்டும். பள்ளியின் எலெக்ட்ரீஷியனிடம் கேட்டால் ஐந்து நிமிட வேலை. குறிகள் சுவரில் இருக்கக் கூடாது, பின்திரை உண்மையில் நிற்கப்போகும் தளத்தில் இருக்க வேண்டும். சட்டம் சுவரிலிருந்து மூன்று அடி முன்னால் வரும் என்றால் சுவரில் போட்ட குறி பொய் சொல்லும். அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு மூங்கில் கழிகளை நட்டு, அவற்றில் குறி போடுங்கள்.

இன்னும் இரண்டு பொருட்களைப் படத்துக்குள் கொண்டுவருவேன். உயரம் தெரிந்த ஓர் ஆசிரியரைப் பின்திரைத் தளத்தை ஒட்டி நிற்கச் சொல்வேன். அவர் கையில் வெள்ளை சார்ட் தாள் ஒன்றைப் பிடித்திருப்பார். ஆள் எதற்கு, தாள் எதற்கு என்று கீழே வருகிறது. ஆளோடு ஒரு படம், அவர் விலகியபின் அதே இடத்தில் கை அசையாமல் வெறும் மேடை ஒரு படம். கைப்பேசியை நாற்காலி முதுகில் சாய்த்து வைத்தால் இரண்டும் பொருந்தும்.

போட்டோஷாப்பில் ஓவியத்தை மேடைப் படத்தில் எப்படிப் பொருத்துவது? நான் ஒவ்வொரு முறை இழுத்துச் சரிசெய்யும்போதும் படம் மங்கிக்கொண்டே போகிறது.

மங்குவதற்குக் காரணம், ஒவ்வொரு இழுப்பிலும் பிக்சல்கள் புதிதாகக் கணக்கிடப்படுவதுதான். அதைத் தவிர்க்க ஒரு ஏற்பாடு இருக்கிறது.

முதலில் ஓவியத்தை 2400 × 1200 பிக்சல் அளவில் தனிப் படமாக வைத்துக்கொள்ளுங்கள். 24 அடிக்கு 2400 பிக்சல், ஓர் அடிக்கு 100. கணக்கு மனத்திலேயே வரும். மாதிரிப்படத்துக்கு இதற்குமேல் துல்லியம் தேவையில்லை. அச்சுக்கு அனுப்பும் கோப்பு வேறு. அது இதைவிடப் பெரியதாக இருக்கும்.

அதை மேடைப் படத்தின் மேல் புதிய அடுக்காக வைத்து, அடுக்கின் பெயர்மேல் வலது சொடுக்கி Convert to Smart Object கொடுங்கள். பிறகு Edit > Transform > Distort. மேல் மூலைகளை ஒவ்வொன்றாக இழுத்து, ஒட்டுநாடாக் குறிகளின் நடுவில் வையுங்கள். கீழ் மூலைகளை, ஓவியத்தின் ஓரத்தில் அடியிலிருந்து ஓர் அடி உயரம் கீழ்க்குறியில் விழும்வரை இழுங்கள். படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு வையுங்கள்; தொலைவிலிருந்து எடுத்த படத்தில் பத்து பிக்சல் பிசகினால் மேடையில் அது இரண்டு அங்குலத்தைத் தொடும். Enter அழுத்தி முடியுங்கள்.

இனி ஓவியத்தை மாற்ற வேண்டுமானால் மேடைப் படத்தில் கை வைக்க வேண்டாம். அடுக்கின் சிறு படத்தை இருமுறை சொடுக்கினால் ஓவியம் மட்டும் தட்டையாகத் திறக்கும். அங்கே மாற்றிச் சேமித்தால் மேடையில் தானாகச் சாய்ந்து பொருந்திவிடும். தாளாளர் நீலம் கேட்டாலும், முதல்வர் பச்சை கேட்டாலும் மூலைகளை மறுபடி தேட வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் படத்தின் அளவை மட்டும் மாற்றிவிடாதீர்கள். 2400 × 1200 என்பது மாறினால் பொருத்தம் குலையும்.

மூலைகளைச் சரியாக வைத்துவிட்டேன் என்று எப்படி உறுதி செய்வது? கண்ணுக்குச் சரியாகத்தான் தெரிகிறது.

கண்ணை நம்பாதீர்கள். அழகான ஓவியம் இருந்தால் பிசகு தெரியாது. நான் ஓவியத்தை வைப்பதற்கு முன்பு வெறும் கட்டத்தை வைப்பேன். 100 பிக்சலுக்கு ஒரு கோடு வீதம் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, கீழிருந்து மேலாக 1 முதல் 12 வரை எண் எழுதிவிடுவேன். ஒவ்வொரு கட்டமும் ஓர் அடி.

இந்தக் கட்டத்தை மேடையில் பொருத்தி, அடுக்கின் அடர்த்தியைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். பின்திரையை ஒட்டி நிற்கும் ஆசிரியரின் உயரம் ஐந்தரை அடி என்றால் அவர் தலை 5, 6 என்ற கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். அவர் காலடியை மேடை விளிம்பு மறைக்கும்; அதற்குப் பதிலாகக் கீழ்க்குறிகள் இரண்டும் 1 என்ற கோட்டில் இருக்க வேண்டும். தலை ஏழாவது கோட்டில் நின்றால், மேல் மூலைகளை மிகத் தாழ்வாக வைத்திருக்கிறீர்கள் அல்லது எடுத்த அளவே தவறு. எனக்கு இரண்டும் நடந்திருக்கின்றன.

ஓரத்திலிருந்து எடுத்த படத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். அருகில் இருக்கும் கட்டங்கள் அகலமாகவும் தொலைவில் இருப்பவை ஒடுங்கியும் தெரியும். ஆகவே பின்திரையின் நடுப்புள்ளி படத்தில் பாதி அகலத்தில் வராது. மூலைவிட்டங்கள் இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் வரும். இது தெரியாமல் பள்ளிச் சின்னத்தைப் படத்தின்மேல் கையால் தனியே ஒட்டிப் பார்ப்பவர்கள் அதைத் தவறான இடத்தில் வைத்துவிடுகிறார்கள். எதையும் மேடைப் படத்தின்மேல் ஒட்டாதீர்கள். எல்லாம் தட்டை ஓவியத்துக்குள்தான் போக வேண்டும்.

எழுத்தை எந்த உயரத்தில் வைத்தால் மறையாது? சிலர் மேலே வை என்கிறார்கள், சிலர் நடுவில் வை என்கிறார்கள்.

என்னைப் பொறுத்தவரை மொத்த வேலையும் இந்த ஒரு கேள்விக்காகத்தான். இதைக் கணக்கிட முடியும், கணக்கும் எளிது.

முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவரின் கண் மூன்றரை அடி உயரத்தில். ஐந்து அடி உயரமுள்ள ஒரு மாணவி மேடை விளிம்பிலிருந்து 6 அடி உள்ளே நின்று ஆடுகிறாள். அவள் தலை தரையிலிருந்து 9 அடி உயரத்தில், அதாவது கண்ணுக்கு மேல் ஐந்தரை அடி. கண்ணிலிருந்து அவள் 18 அடி தொலைவு, பின்திரை 32 அடி தொலைவு. கண்ணிலிருந்து அவள் தலையைத் தொட்டுப் போகும் கோட்டைப் பின்திரைவரை நீட்டினால், ஐந்தரையை 32ஆல் பெருக்கி 18ஆல் வகுக்க, கண்ணுக்கு மேல் 9.8 அடி வருகிறது. அதோடு கண்ணின் உயரத்தைக் கூட்டி, மேடையின் 4 அடியைக் கழித்தால் ஏறக்குறைய 9.3 அடி. பன்னிரண்டு அடிப் பின்திரையில் ஒன்பது அடிக்கும் மேல், ஐந்தடிப் பெண் ஒருத்தியின் பின்னால் போய்விடுகிறது.

இதே கணக்கைக் கடைசி வரிசைக்குப் போட்டால் அவள் 66 அடி, பின்திரை 80 அடி. மறைவது 6.2 அடிதான். அவளே மேடை விளிம்பிலிருந்து 14 அடி உள்ளே நின்றால் முதல் வரிசைக்கும் 6.3 அடி மட்டுமே மறையும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் விருந்தினர்கள் பின்திரைக்கு 5 அடி முன்னால் இருந்தால் முதல் வரிசைக்கு மறைவது ஏறக்குறைய 5 அடி. என் ஆலமரத்தின் எழுத்துகள் அங்கேதான் இருந்தன.

ஒரு பெண் தன் அகலத்தைத்தான் மறைப்பாள் என்பது சரி. ஆனால் ஆண்டு விழாவில் பதினைந்து பேர் வரிசையாக நிற்பார்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் உச்சிக்குத் தூக்கிவிடலாமா? அங்கே வேறு ஒன்று காத்திருக்கிறது. இந்த அரங்கத்தில் மேடை முகப்பில் ஜாலர் தொங்குகிறது. அதன் கீழ் விளிம்பு மேடைத் தரையிலிருந்து 8 அடி. முதல் வரிசைக்காரருக்கு அது எதையும் மறைப்பதில்லை. அவர் அண்ணாந்து பார்ப்பதால் பார்வை ஜாலருக்கு அடியில் புகுந்து மேலே போகிறது. கடைசி வரிசைக்காரரின் பார்வை ஏறக்குறையப் படுக்கையாகப் போவதால், அவருக்குப் பின்திரையின் 10.8 அடிக்கு மேல் எதுவும் தெரியாது. உச்சியில் ஓர் அடிக்கு மேல் போய்விட்டது.

ஆக, முதல் வரிசைக்கு 9.3 அடிக்கு மேல், கடைசி வரிசைக்கு 10.8 அடிக்குக் கீழ். இரண்டு பேருக்கும் எப்போதும் தெரியும் பட்டை ஒன்றரை அடிதான். பள்ளியின் பெயரோ கருப்பொருளோ, கட்டாயம் படிக்கப்பட வேண்டியது எதுவோ அது அந்தப் பட்டைக்குள் ஒரே வரியாக வர வேண்டும். இரண்டு வரி வேண்டும் என்று பள்ளி கேட்டால் நான் ஜாலரைச் சுருட்டிக் கட்டச் சொல்லுவேன். ஒரே ஓர் அடி உயர்த்தினால் உச்சிவரை திறந்துவிடும். ஓவியத்தை மாற்றுவதைவிட அது எளிது.

கீழே ஐந்து அடிக்கு வேர், புல், நிறச்சாயல் என்று மறைந்தாலும் நஷ்டமில்லாதவற்றை வையுங்கள். நடுவில் மரத்தின் தண்டும் கிளைகளும் இருக்கலாம். விட்டுவிட்டுத் தெரிந்தாலும் மரம் மரம்தான். எழுத்து அப்படியில்லை, பாதி தெரிந்தால் படிக்க முடியாது.

மாதிரிப்படத்தில் இதைக் காட்ட, முதல் வரிசைப் படத்தில் 6 அடி உள்ளே ஓர் ஆளை நிறுத்தி எடுத்த படத்திலிருந்து அவரை வெட்டி, ஓவியத்தின்மேல் தனி அடுக்காக வையுங்கள். அவரை நகலெடுத்து, அதே நேர்கோட்டில் பத்துப் பேராக நிறுத்துங்கள். பக்கவாட்டில் மட்டும் நகர்த்தலாம், பெரிதாக்கவோ சிறிதாக்கவோ கூடாது. குழந்தைகளின் படத்தைப் பயன்படுத்த வேண்டாம். மாதிரிப்படம் பல கைப்பேசிகளுக்குப் போகும். ஆசிரியர் ஒருவர் போதும்.

கடைசி வரிசைக்குத் தெரிய எழுத்து எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்?

விளம்பரப் பலகை எழுதுபவர்களிடம் பழைய கணக்கு ஒன்று உண்டு: பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் இருந்தால் எளிதாகப் படிக்கலாம். எண்பது அடிக்கு எட்டு அங்குலம். அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு ஒத்துவரும். தமிழில் ண, ணை, இ போன்றவற்றின் சுழிகள் தூரத்தில் அடைந்துபோகின்றன. நான் ஒன்றரை மடங்கு வைக்கிறேன். அதாவது ஓர் அடி. மேலே சொன்ன ஒன்றரை அடிப் பட்டைக்குள் அது சரியாக உட்கார்ந்துவிடும். கூ, தி, ழி ஆகியவற்றின் கொக்கிகளுக்கும் வால்களுக்கும் மேலும் கீழும் இடம் விட மறந்துவிடாதீர்கள்.

போட்டோஷாப்பில் "கொ" என்று தட்டினால் கொம்பு இடம் மாறி உடைந்து தெரிகிறதா? Preferences > Type பகுதியில் World-Ready Layout என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். பழைய பதிப்புகளில் அதே இடத்தில் Middle Eastern and South Asian என்று இருக்கும். அச்சகத்துக்கு அனுப்பும் முன் எழுத்துகளை வடிவங்களாக மாற்றிவிடுவது பாதுகாப்பு. உங்கள் எழுத்துரு அவர்கள் கணினியில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

பொருத்திய பிறகும் ஸ்டிக்கர் ஒட்டியது போலத்தான் தெரிகிறது. மேடையில் இருப்பது போலத் தெரியவில்லையே?

இரண்டு காரணங்கள் இருக்கும். ஒன்று, உங்கள் ஓவியத்தின் வெள்ளை அந்த மேடையில் இருக்க முடியாத வெள்ளை. அதற்குத்தான் ஆசிரியர் கையில் சார்ட் தாள். மேடைப் படத்தில் அந்தத் தாளின்மேல் நிறம் எடுக்கும் கருவியை வைத்துப் பாருங்கள். மஞ்சள் விளக்கு எரியும் அரங்கில் எனக்கு RGB 226, 205, 172 போல ஓர் எண் வந்தது. அந்த மேடையில் மிக வெண்மையான பொருள்கூட அவ்வளவுதான். ஓவிய அடுக்குக்கு மேல் Solid Color அடுக்கு ஒன்றை அதே நிறத்தில் வைத்து, Multiply கொடுத்து, Create Clipping Mask மூலம் ஓவியத்துக்கு மட்டும் பொருந்தும்படி கட்டிவிடுங்கள். ஓவியம் உடனே மேடையின் வெளிச்சத்துக்குள் வந்துவிடும்.

இந்த ஒரு படி நீலத்தை எவ்வளவு மாற்றுகிறது என்பதைக் கவனியுங்கள். கணினியில் பளிச்சென்று இருந்த இளநீல வானம் மஞ்சள் விளக்கில் சாம்பலாகும். அதைப் பார்த்துவிட்டு நான் பலமுறை வானத்தின் நிறத்தையே மாற்றியிருக்கிறேன்.

இரண்டாவது காரணம், முன்னால் இருக்க வேண்டியவை பின்னால் போய்விடுவது. பேச்சு மேசை, மைக் கம்பி, பக்கத் திரைகள், ஜாலர், மேடை விளிம்பு எல்லாம் ஓவியத்தை மறைக்க வேண்டும். ஓவிய அடுக்குக்கு Layer Mask போட்டு அந்த இடங்களைக் கறுப்பால் பூசுங்கள். விளிம்பை ஓரிரு பிக்சல் மென்மையாக விடுங்கள்; கத்திரிக்கோலால் வெட்டியது போல இருந்தால் கண் உடனே பிடித்துவிடும்.

எங்கள் மேடையில் கருஞ்சிவப்புத் திரை தொங்குகிறது. அதன் மடிப்புகளை ஓவியத்தில் கொண்டுவர Multiply கொடுத்தால் எல்லாமே கறுத்துவிடுகிறது.

கறுக்கத்தான் செய்யும். Multiply கீழே இருப்பதன் இருட்டைக் கூட்டும் ஏற்பாடு. வெளிர் சுவருக்குத்தான் அது உதவும். உங்கள் பின்திரை சட்டத்தில் இழுத்துக் கட்டிய பிளெக்ஸ் என்றால் திரையின் மடிப்பே அதில் வராது, ஆகவே அந்த வேலையே வேண்டாம். மேலே சொன்ன நிற அடுக்கு போதும். விளக்கு நடுவில் பளிச்சென்றும் ஓரங்களில் மங்கியும் விழுந்தால், மென்மையான கறுப்புத் தூரிகையால் மெல்லிய நிழலை ஓரங்களில் கையால் பூசிவிடுங்கள்.

போட்டோஷாப் இல்லை. இலவசமாக எதில் செய்யலாம்?

கிம்ப் போதும். Tools > Transform Tools > Perspective எடுத்து மூலைகளை இழுங்கள். ஒரு அடி கட்டத்தை Filters > Render > Pattern > Grid போட்டுத் தரும். அடுக்கின் Mode பட்டியலில் Multiply இருக்கிறது. தட்டை ஓவியத்தின் நகலை எப்போதும் தனியே வைத்திருங்கள். மாற்றம் வந்தால் சாய்ந்த படத்தை மறுபடி இழுக்காமல், தட்டை நகலிலிருந்து தொடங்குங்கள். நான்கு மூலைகளின் பிக்சல் எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த முறை தேட வேண்டியதில்லை.

விழா பள்ளி மைதானத்தில். முந்தைய நாள் இரவுதான் மேடை கட்டுவார்கள். எதைப் படம் எடுப்பது?

போன ஆண்டு மேடையின் படம் யாரிடமாவது இருக்கும். நடுவிலிருந்து எடுத்ததாகத் தேடுங்கள். அதில் நிற்பவர்களை வைத்து உயரத்தைக் கணிக்கலாம், ஆனால் பின்திரையை ஒட்டி நிற்பவரை எடுத்துக்கொள்ளுங்கள், முன்னால் நிற்பவரை அல்ல. மேடை உயரம் இந்த முறையும் அதேதானா என்று பந்தல்காரரிடம் கேட்டுவிடுங்கள். 4 அடி 3 அடியானால் முதல் வரிசையின் கணக்கு மாறும். மாலை வெயில் எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதையும் ஒரு நாள் நின்று பாருங்கள்.

அச்சகத்தில் "ஒட்டு வரும்" என்கிறார்கள். அதற்கும் மாதிரிப்படத்துக்கும் என்ன தொடர்பு?

நிறைய இருக்கிறது. பிளெக்ஸ் அச்சு இயந்திரங்கள் பெரும்பாலும் பத்து அடி அகலச் சுருளில் ஓடும். 12 அடி உயரம் ஒரே துண்டில் வராது. படுக்கையாக அடித்தால் 10 அடியும் 2 அடியுமாக வரும். ஒட்டு பத்தாவது அடியில் விழும். நம் எழுத்துப் பட்டை 9.3 முதல் 10.8 வரை என்பது நினைவிருக்கிறதா? ஒட்டு சரியாக எழுத்தின் நடுவே ஓடும்.

ஆகவே நெடுக்காக, 8 அடி வீதம் மூன்று துண்டுகளாக அடிக்கச் சொல்வேன். ஒட்டு 8வது அடியிலும் 16வது அடியிலும் மேலிருந்து கீழாக வரும். தட்டை ஓவியத்தில் 800, 1600 பிக்சலில் இரண்டு மெல்லிய கோடுகளைப் போட்டு மாதிரிப்படத்தில் பாருங்கள். அவை ஒரு முகத்தின் வழியாகவோ எழுத்தின் வழியாகவோ போனால், அதைக் கையளவு நகர்த்தினால் போதும். இரண்டு எழுத்துகளுக்கு இடையே உள்ள இடைவெளியில் ஒட்டு விழுந்தால் யாருக்கும் தெரியாது. சட்டத்தில் இழுத்து அடிக்கச் சுற்றிலும் மூன்று அங்குலம் மடங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பளபளக்கும் பிளெக்ஸில் மேடை விளக்கு வெள்ளைத் திட்டாகத் தெறிக்கும். மாதிரிப்படம் இதைக் காட்டாது. அச்சகத்தில் ஒரு துண்டு வாங்கி, மேடையில் பிடித்து, கீழேயிருந்து பார்த்துவிடுங்கள்.

இந்த ஆண்டு எல்.ஈ.டி. திரை வைக்கிறார்கள். இதே முறைதானா?

மூலைகளும் மறைவுக் கணக்கும் அதேதான். வெளிச்சம் மட்டும் வேறு. திரை தானே ஒளிர்வதால் நிற அடுக்கும் Multiplyயும் வேண்டாம். அதற்குப் பதிலாக முன்னால் நிற்கும் ஆட்களைச் சற்று இருட்டாக்கிப் பாருங்கள். வெள்ளைப் பின்னணி போட்டால் பிள்ளைகளின் முகம் நிழலாகிவிடுவது அப்படித்தான் நடக்கிறது. அடர் நிறப் பின்னணி கொடுங்கள்.

முதல்வருக்குக் கைப்பேசியில் அனுப்பினேன். "எழுத்து சின்னதாக இருக்கிறது, பெரிதாக்குங்கள்" என்கிறார். உண்மையிலேயே சின்னதா என்று எப்படிச் சொல்வது?

கைப்பேசியில் யாருக்கும் அது சின்னதாகத்தான் தெரியும். கடைசி வரிசைப் படத்தை ஏ4 தாளில் அச்சடியுங்கள், பின்திரை மட்டும் தாளில் சரியாக 24 செ.மீ. அகலம் வரும்படி. அதற்கேற்ப மேடையின் ஓரங்களை வெட்டிவிடலாம். இப்போது ஓர் அடிக்கு ஒரு செ.மீ. என்றாகிவிட்டது. கடைசி வரிசையிலிருந்து பின்திரை 80 அடி என்பதால், தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு, கண்ணிலிருந்து 80 செ.மீ. தள்ளி நிற்கச் சொல்லுங்கள். கடைசி நாற்காலியில் இருப்பவர் பார்க்கப்போகும் அதே அளவில் எழுத்து அவருக்குத் தெரியும். ஓர் அடி எழுத்து தாளில் ஒரு செ.மீ. உயரம் இருக்கும், அதை 80 செ.மீ. தொலைவில் கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடு படிக்க முடிந்தால் அளவு போதும்.

முதல் வரிசைப் படத்தையும் அதேபோல 24 செ.மீ. அகலத்தில் அடித்து, 32 செ.மீ. தொலைவில் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு தாள்களையும் பார்த்த பிறகும் அவர் பெரிதாக்கச் சொன்னால், எழுத்துப் பட்டையை மஞ்சள் கோட்டால் குறித்துக் காட்டி, இதற்குமேல் வளர்ந்தால் எந்த வரிசைக்கு எது மறையும் என்று அவரிடமே கேட்டுவிடுவேன். பெரும்பாலும் அவர் ஜாலரை உயர்த்திக் கட்டச் சொல்லி ஆளை அனுப்புவார்.